காதுக்குள் போவது தண்டுதான்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ நாமக்கல் கடைவீதியிலோ தோடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது முகப்பை. எத்தனை கல், என்ன வேலைப்பாடு, முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தோட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் காது அறுவதும் அரிப்பதும் பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தால்தான். முகப்பு ஊருக்கு, காதுக்குள் போவது தண்டு. தண்டின் தடிமன், அது செய்யப்பட்ட உலோகம், அதைப் பின்னாலிருந்து பிடிக்கும் திருகாணியின் அகலம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் எடையைப் பற்றியே பேச வேண்டும்.

முதலில் காது எப்படி அறுகிறது என்பதைப் பார்ப்போம். காதின் மேல்பகுதியில் குருத்தெலும்பு இருக்கிறது. மடலின் அடிப்பகுதியில் அது கிடையாது. அங்கே இருப்பது தோல், கொழுப்பு, கொஞ்சம் நார்த்திசு. வயது ஏற ஏறக் கொழுப்பு வற்றும், தோலின் மீள்தன்மை குறையும். இருபது வயதில் ஆறு கிராம் ஜிமிக்கியைத் தாங்கிய காது, அறுபதில் அதே ஜிமிக்கியைத் தாங்காது. வட்டமாக இருந்த துளை கீழ்நோக்கி நீண்டு கோடாகிறது. அந்தக் கோட்டின் அடியில் மிச்சமிருக்கும் தோல் பாலம் மெலிந்துகொண்டே போய், ஒருநாள் பேரப்பிள்ளை ஜிமிக்கியைப் பிடித்து இழுத்ததிலோ, தலை துவட்டிய துண்டு சிக்கியதிலோ அறுந்துவிடுகிறது. வீட்டில் குழந்தையைக் குற்றம் சொல்வார்கள். உண்மையில் நாற்பது வருடமாக எடை செய்த வேலையை அந்தக் கை முடித்துவைத்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் தெக்கத்திச் சீமையின் பாம்படத்தையும் தண்டட்டியையும் நினைத்துக்கொள்வது பயன்படும். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பாட்டிமார் தோள்வரை தொங்கும் காதில் பாம்படம் போட்டிருந்தார்கள். 2023-ல் வந்த ‘தண்டட்டி’ படத்தின் கதையே அப்படி ஒரு பாட்டியின் காதுநகையைச் சுற்றித்தான் நடக்கிறது. ‘அத்தனை கனத்தை அவர்கள் காது தாங்கியதே, என் காது மட்டும் ஏன் அறுகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. வேறுபாடு வளர்த்த விதத்தில் இருக்கிறது. அங்கே சிறுவயதிலேயே காது குத்தி, பஞ்சும் ஓலைச்சுருளும் வைத்துத் துளையைச் சுற்றளவில் பெரிதாக்கி, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி மெல்ல மெல்ல இறக்கினார்கள். திசுவுக்கு வளர நேரம் கிடைத்தது. துளையின் விளிம்பு சுற்றிலும் முழுத்தோலோடு ஒரு தடித்த வளையமாக இருந்தது. நகையும் அந்த வளையத்தின் அகலமான பரப்பில் உட்கார்ந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் நாம் இன்று பார்க்கும் இத்துப்போன காது அப்படிப்பட்டதல்ல. மெல்லிய தண்டில் தொங்கிய எடை, ஒரே கோட்டில் தோலை வெட்டிக்கொண்டு இறங்கிய காது அது. வளர்த்த காதுக்கு உள்ள பலம் வெட்டுப்பட்ட காதுக்குக் கிடையாது. இரண்டையும் ‘பெரிய ஓட்டை’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது.

தண்டு மெலிய மெலிய நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எடை கொஞ்சம் குறையும் என்பது சரிதான். ஆனால் அதே எடை மெல்லிய கம்பியில் தொங்கும்போது தோலில் அது அழுத்தும் பரப்பு சிறுத்துவிடுகிறது. கொக்கிபோல் வளைந்த கம்பியில் ஆடும் தொங்கல்கள் நீண்ட துளைக்கு மிகவும் கெடுதல் என்பது இதனால்தான். கம்பி துளையின் அடிமுனைக்கு வழுக்கிப்போய் அங்கேயே உட்காரும்; நடக்கும்போதெல்லாம் ஆடும்; ஆடும்போதெல்லாம் அறுக்கும். நம் ஊர்ப் பழைய தோடுகளில் வரும் தடித்த மரைத்தண்டு இந்த விஷயத்தில் பரவாயில்லை. கடைக்காரர்கள் ‘பாம்பே திருகு’ என்று காட்டும் ஒல்லித் தண்டு புதிதாகக் குத்திய சின்னத் துளைக்குச் சரி. நீண்டுபோன துளைக்கு அது மட்டும் போதாது, பின்னால் அகலமான தட்டு வேண்டும்.

பின்தட்டு செய்யும் வேலையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தோட்டின் முகப்பு கனமாக இருந்தால் அது முன்னால் தலைகவிழும். கவிழும்போது தண்டின் முன்முனை துளையின் அடிவிளிம்பைக் கீழே அழுத்துகிறது, பின்முனை மேல்விளிம்பை மேலே நெம்புகிறது. வெறும் எடைக்கு மேல் இப்படி ஒரு நெம்புவிசையும் காதுக்குச் சேருகிறது. பின்னால் பத்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு மடலோடு ஒட்டி உட்கார்ந்தால் தோடு கவிழாது. எடையில் ஒரு பங்கைத் தட்டும் முகப்பும் இருபக்கத் தோலின் மேல் பகிர்ந்துகொள்ளும். தட்டு உலோகமாக இருக்க வேண்டியதில்லை. ஒளிபுகும் சிலிக்கான் தட்டுகள் ஃபேன்ஸி கடைகளிலேயே கிடைக்கின்றன, எடையே தெரியாது. ஆனால் இறுக்கி மாட்டக் கூடாது. மடல் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் ரத்தம் ஓடாமல் புண்ணாகும்.

ஒரு காதை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். எங்கள் உறவில் ஒரு அம்மாயி, ராசிபுரம் பக்கம். கல்யாணத்துக்குப் போட்ட தோடும் ஜிமிக்கியுமாக ஜோடி ஒன்றரைப் பவுன், அதாவது 12 கிராம். ஒரு காதுக்கு 6 கிராம். இரவும் பகலும் கழற்றியதில்லை. வலது காதில் துளை நீண்டு, அடியில் சன்னமான பாலம் மட்டும் மிச்சம். நகை மாற்றப் போன இடத்தில் ஆசாரி மடலைப் பின்னாலிருந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். நல்ல முறை அது; பின்னால் வெளிச்சம் வைத்தால் தோல் எங்கே மெலிந்திருக்கிறது என்பது சிவப்பாகத் தெரிந்துவிடும். “ஏனுங்க ஆத்தா, தூங்கறப்பக்கூட இதைக் கழட்டறதில்லையா?” என்றார். “கழட்டுனா ஓட்டை தூந்து போயிரும்னுதான் சாமி” என்றார் அம்மாயி.

அறுபது வருடத் துளை ஒரு ராத்திரியில் தூர்ந்துபோகாது. புதிதாகக் குத்திய காதுக்குத்தான் அந்தப் பயம் பொருந்தும். அம்மாயி நம்பியதற்காக ஆசாரி ஒரு வழி சொன்னார், அதுவும் புதிதல்ல: ராத்திரிக்குச் சுத்தமான, சீவி வழவழப்பாக்கிய வேப்பங்குச்சித் துண்டு. எடை இல்லை, உலோகம் இல்லை.

பிறகு நகையை மாற்றினார்கள். ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டை மட்டும் அழித்துப் புதிதாக. முகப்பு எட்டு மில்லிமீட்டர் அகலம், நீண்ட துளையை மறைக்க அது போதும். தகடு சன்னம், நடுவில் ஒரு சிறு கல், தண்டு கொஞ்சம் தடிமன், பின்னால் அகலத் தட்டு. திருகாணியோடு சேர்த்து ஒரு காதுக்கு 2 கிராமுக்குள் முடிந்தது. 6 கிராமிலிருந்து 2 கிராம்! முகப்பின் பளபளப்பு அவ்வளவாகக் குறையவில்லை, தொங்கலும் ஆட்டமும்தான் போயின. தண்டைத் துளையின் மேல்முனையில் நிறுத்திப் பின்தட்டால் பிடித்துக்கொள்ளும்படி மாட்டக் கற்றுக்கொடுத்தார் ஆசாரி. நீண்ட துளைக்குத் தோடு மாட்டுவதில் பாதி ரகசியம் இதுதான். அப்படியே விட்டால் தண்டு கீழே வழுக்கி மறுபடி பாலத்தின்மேல் உட்கார்ந்துவிடும்.

ஒரு காதுக்கு இத்தனை கிராம்தான் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. என் கருத்து: துளை நீளத் தொடங்கிய காதுக்குத் தினசரி 2 கிராமுக்கு மேல் வேண்டாம். துளைக்கு அடியில் மிச்சமுள்ள தோல் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தொங்கல் எதுவும் வேண்டாம், விசேஷத்துக்குக்கூட. கடையில் ஜோடி எடைதான் சொல்வார்கள், பாதியாக்கிக்கொள்ளுங்கள். திருகாணியும் சேர்த்து நிறுக்கச் சொல்லுங்கள்.

விசேஷத்துக்கு ஜிமிக்கி போட்டே ஆக வேண்டும் என்றால் மாட்டல் இருக்கிறது. காதிலிருந்து மேலே போய்க் கூந்தலில் மாட்டும் அந்தச் சங்கிலியை அலங்காரம் என்று நினைக்கிறோம். சரியாக மாட்டினால் அது எடையைத் தலைமுடிக்கு ஏற்றிவிடும் கருவி. சரியாக என்றால், சங்கிலி விறைப்பாக நிற்க வேண்டும், மடல் தளர்ந்து இருக்க வேண்டும். சங்கிலி வளைந்து தொங்கினால் அதன் எடையும் காதுக்குத்தான் சேரும். கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எடை குறைந்த தங்கத்தில் இரண்டு வில்லங்கம் உண்டு. தங்கம் இயல்பிலேயே கனமான உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் 22 காரட் தங்கம் கிட்டத்தட்ட 17.7 கிராம், அதே அளவு வெள்ளி 10 கிராம் சொச்சம், எஃகு 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம்தான். ஆகவே தங்கத்தில் ‘லைட் வெயிட்’ என்றால் உள்ளே கூடு, வெளியே சன்னத் தகடு என்றுதான் அர்த்தம். கூட்டு நகை நசுங்கும். தண்டு பற்றவைத்த இடம் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். வாங்கும்போது தண்டின் அடியில் ஒரு சிறு வில்லை வைத்துப் பற்றவைத்திருக்கிறதா என்று பாருங்கள். சேதாரமும் இதில் கூடுதலாகப் போடுவார்கள். இரண்டாவது, ஹால்மார்க். 2021 ஜூன் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது; 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்யுஐடி எண்ணும் வேண்டும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. இத்துப்போன காதுக்கு நாம் தேடும் நகை சரியாக அந்த விலக்குக்குள் போய் விழுகிறது. முத்திரை இல்லையே என்று கடையில் சண்டை போட முடியாது. காரட்டையும் நிகர எடையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இனி அரிப்பு. அறுந்த காது எடையின் வேலை என்றால், அரித்து நீர் வடியும் காது பெரும்பாலும் நிக்கலின் வேலை. கவரிங், ஒரு கிராம் தங்கம், ஃபேன்ஸி கம்மல் எல்லாவற்றிலும் அடியில் இருப்பது பித்தளையோ செம்போ. மேல்பூச்சு பளிச்சென்று பிடிக்க நடுவில் பல நேரம் நிக்கல் பூச்சு கொடுக்கிறார்கள். தங்கப் பூச்சு தண்டில்தான் முதலில் தேயும், ஏனென்றால் திருகாணி ஏறி இறங்குவது அங்கேதான். பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வை படுகிறது. சித்திரை வைகாசியில் சேலத்து வெயிலில் காதோரம் வழியும் உப்பு வியர்வை நிக்கலைக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் தோலுக்குள் போகிறது. முதலில் ஒன்றும் தெரியாது; உடம்பு அதைப் பகையாகப் பதிவு செய்துகொள்ள வாரங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

‘இத்தனை நாள் இதே கம்மலைத்தானே போட்டேன், அப்போது ஒன்றும் செய்யவில்லையே’ என்ற வாதம் அதனால் நிற்காது. ‘போட்டவுடனே அரிக்கவில்லை, ஆகவே கம்மல் காரணமில்லை’ என்பதும் அப்படியே. இந்த ஒவ்வாமை தாமதமாக வருவது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட கம்மலுக்கு திங்களோ செவ்வாயோதான் நமைச்சல் தொடங்கும். அதற்குள் கம்மலைக் கழற்றி வைத்திருப்போம். சந்தேகம் ஷாம்பூ மேல் போகும்.

சீழ் பிடித்த காதையும் ஒவ்வாத காதையும் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. கிருமி என்றால் வலி, சூடு, வீக்கம், கெட்டியான சீழ். அநேகமாக ஒரு காதில் மட்டும். நிக்கல் என்றால் வலியைவிட நமைச்சல் அதிகம்; தெளிந்த நீர் வடிந்து காய்ந்து செதிலாகும்; இரண்டு காதிலும் இருக்கும். அதே பெண்ணுக்கு ஊக்கு பட்ட இடத்திலும், ஜீன்ஸ் பொத்தான் உரசும் தொப்புளடியிலும் தடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தலைக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு அந்தச் சாயமே காதோரத்தில் அரிப்பைக் கிளப்பும். சாயம் போட்ட இரண்டு நாளில் காதும் முடியோரமும் சேர்ந்து அரித்தால் தோட்டை மாற்றிப் பயனில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை. முதுகில் சிறு சிறு பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள்.

நிக்கல் எதில் இருக்கிறது என்பதைவிட எதிலிருந்து கசிகிறது என்பதே கேள்வி. சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகு தயாரிக்கும் ஆலை. எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பயன்படும் ஒரு எஃகு வகையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல் உண்டு. இருந்தும் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்த கை அரிப்பதில்லை. குரோமியம் உண்டாக்கும் மெல்லிய படலம் நிக்கலைப் பூட்டி வைக்கிறது. பித்தளை மேல் பூசிய நிக்கலில் எடை கணக்கில் பார்த்தால் இதைவிடக் குறைந்த நிக்கல்தான் இருக்கும், ஆனால் அது கசிகிறது. டென்மார்க் 1990-லேயே இப்படிக் கசியும் அளவுக்கு வரம்பு வைத்தது; அதற்குப் பிறகு காது குத்திய பெண்பிள்ளைகளிடம் நிக்கல் ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது. 1994-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அதே வழியில் வந்தது. இன்று அங்கே துளைக்குள் போகும் தண்டுக்கான வரம்பு மற்ற நகைகளுக்கு உள்ளதைவிடக் கடுமையானது: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராம்.

காந்தம் வைத்துப் பார்க்கும் வீட்டுச் சோதனையை நம்ப வேண்டாம். நிக்கல் உள்ள நல்ல எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகலாம். காந்தத்தில் ஒட்டும் சாதா இரும்பில் நிக்கலே இல்லாமலும் இருக்கலாம். டைமெத்தில்கிளையாக்சைம் என்ற திரவம் விற்கிறது. பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு விட்டு, தண்டை அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசியும் தண்டு பஞ்சை இளஞ்சிவப்பாக்கும். முகப்பை விட்டுவிட்டுத் தண்டையும் திருகாணியின் உட்புறத்தையும் தேய்க்க வேண்டும். சிவக்காவிட்டால் முழுக்கப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. மேல்பூச்சு புதிதாக இருந்தால் அடியில் உள்ளது தெரியாது. நகப்பூச்சு தடவிப் போடுகிறவர்கள் ஒரு மத்தியானக் கல்யாணத்துக்கு அதைச் செய்யலாம். மரையில் திருகாணி நாலு தடவை ஏறியதும் பூச்சு உதிர்ந்துவிடும்.

அப்படியானால் அரிக்கும் காதுக்கு எதைப் போடுவது? 22 காரட் தங்கம் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். அதில் கலப்பது செம்பும் வெள்ளியும்தான் பெரும்பாலும். வெள்ளைத் தங்கம் என்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும், சிலவற்றில் நிக்கல் கலப்பார்கள். வெள்ளி நம் ஊர்ப் பொருள். ஆனால் சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி ஒரே தரத்தில் ஓடுவதில்லை. ‘எத்தனை டச்’ என்று கேட்பதே அதற்குத்தான். காலில் உரசும் கொலுசுக்குக் குறைந்த டச் பொறுக்கும், காதுக்குள் போகும் தண்டுக்குப் பொறுக்காது. 92.5 கேளுங்கள். வெள்ளித்தண்டு கறுத்துக் காதில் கோடு விழுந்தால் அது ஒவ்வாமை அல்ல, துடைத்தால் போகும். தொட்டதெல்லாம் ஒத்துக்கொள்ளாத காதுக்கு, உடலுக்குள் பதிக்கும் தரத்து டைட்டானியம் சிறந்தது. எடையும் தங்கத்தில் கால்பங்கு. குறை என்னவென்றால் நம் ஆசாரிகள் அதைப் பற்றவைக்க முடியாது, வாங்கியபடியேதான் போட வேண்டும்.

கவரிங் அழகை விட மனமில்லாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: தண்டை மட்டும் மாற்றுங்கள். பித்தளைத் தண்டை வெட்டிவிட்டு 22 காரட் தங்கத்தில் தண்டும் திருகாணியும் வைத்துத் தரும் ஆசாரிகள் இருக்கிறார்கள். தங்கம் கொஞ்சம்தான் பிடிக்கும். செலவு ஒரு புதுத்தோட்டின் விலையில் சிறு பங்கு. இதில் கவனிக்க வேண்டியது பற்றவைக்கும் சூடு. அது பின்பக்கப் பூச்சைக் கருக்கிவிடும், பசையில் ஒட்டிய கல்லை உதிர்த்துவிடும். கல்லைப் பிடிப்பு வைத்துப் பதித்த தோடுதான் இந்த வேலைக்கு ஆகும். வேலை முடிந்ததும் பின்தகட்டுக்கு மறுபூச்சு கேளுங்கள். அந்தத் தகடும் மடலைத் தொடுகிறதே. பூச்சில் நிக்கல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் வழக்கம்போல் போட்டுவிடுவார்கள்.

காது முழுக்க அறுந்து இரண்டாகப் பிளந்தவர்களுக்கு எந்தத் தோடும் பயன்படாது. பிளவின் இரு ஓரத்திலும் தோல் மூடி ஆறிவிட்டிருப்பதால் பிளாஸ்திரி ஒட்டினாலும் அவை சேராது. மரத்துப்போக ஊசி போட்டு, ஆறிய ஓரத்தைச் சீவிவிட்டுத் தைக்க வேண்டும்; சிறு அறுவைதான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு வாரம் போலத் தையல் இருக்கும். மறுபடி குத்த ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பொறுக்கச் சொல்வார்கள். தைத்த தழும்பின் மேலேயே குத்தினால் அதே கோட்டில் மறுபடி அறும், தழும்பை விட்டுத் தள்ளிக் குத்த வேண்டும். தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் ஜோடி எடையோடு ஒரு காதின் எடையையும், தண்டு என்ன உலோகம் என்பதையும் எழுதுங்கள். வாங்குகிறவர்கள் அந்த இரண்டையும் கேளுங்கள். சொல்லாத கடையில் காதுக்கு வாங்க வேண்டாம்.